ஒரே எண்ணெய், இரண்டு கணக்கு

கச்சா எண்ணெய் விலை ஏறினால் எண்ணெய் நிறுவனப் பங்குகள் எல்லாமே ஏறும் என்று நினைப்பவர்கள் 2022-ஐப் பார்க்க வேண்டும். உக்ரைன் போரால் மார்ச்சில் பிரெண்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 130 டாலரைத் தாண்டியது. தோண்டி எடுக்கும் ஓ.என்.ஜி.சி.க்குச் செலவு பெரிதாகக் கூடவில்லை. விற்கும் விலைதான் கூடியது. ஆனால் எண்ணெயை வாங்கிச் சுத்திகரித்து விற்கும் இந்துஸ்தான் பெட்ரோலியம், ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு பங்க் விலையை ஏற்றவில்லை. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அதன் நஷ்டம் மட்டும் 10,000 கோடி ரூபாய்க்கு மேல்!

சரி, ஓ.என்.ஜி.சி.யாவது நிம்மதியாக இருந்ததா? ஜூலை 1 அன்று உள்நாட்டுக் கச்சா எண்ணெய்மீது டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி வந்தது. அன்றே அதன் பங்கு சுமார் 13 சதவீதம் சரிந்தது.