தொலைந்தது தாளா, பதிவா? நகல் கேட்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டியவை

மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பேருந்து ஏறிய ஒருவர் இறங்கும்போது கைப்பையைக் காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே குடும்பத்தின் ஸ்மார்ட் ரேஷன் கார்டு, மகளின் சாதிச் சான்றிதழ், அவளுடைய பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் ஆகிய மூன்றும் இருந்தன. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் "முதல்ல போலீஸ்ல எழுதிக் கொடுங்க, அப்புறம்தான் எதுவும் நடக்கும்" என்பார்கள். மூன்று ஆவணங்களில் ஒன்றுக்குத்தான் இந்த யோசனை முழுமையாகப் பொருந்தும். மற்ற இரண்டிலும் தொலைந்தது தாள் மட்டுமே. அது சொல்லும் செய்தி அரசின் கணினியில் பத்திரமாக இருக்கிறது. நகலுக்கு அலைவதா, ஒரு பிடிஎஃப் கோப்போடு வேலை முடிகிறதா என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

ரேஷன் கார்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2017-ல் பழைய தாள் அட்டைகளுக்குப் பதிலாக மின்னணு குடும்ப அட்டை வந்தபோதே, குடும்பத்தின் விவரமும் ஒதுக்கீடும் பொது விநியோகத் துறையின் தரவுத்தளத்துக்கு இடம் மாறிவிட்டன. கையில் இருக்கும் பிளாஸ்டிக் அட்டை அந்தப் பதிவைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான். ஆகவே நகலுக்குக் காவல் நிலையம் போக வேண்டியதில்லை. tnpds.gov.in தளத்தில் 'பயனாளர் நுழைவு' பகுதிக்குப் போய், அட்டையோடு பதிவு செய்த கைபேசி எண்ணை இட்டால் ஓடிபி வரும். அதைக் கொடுத்ததும் குடும்ப அட்டை எண், உறுப்பினர் பெயர்கள், கடை விவரம் எல்லாம் திரையில் விரியும். அங்கேயே நகல் மின்னணு அட்டைக்கு விண்ணப்பித்துக் கட்டணத்தைச் செலுத்தலாம். கிடைக்கும் குறிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்னர் பார்த்துக்கொள்ளலாம். புதிய அட்டை வந்தாலும் அட்டை எண் பழையதேதான். அட்டை வரும்வரை அரிசி கிடைக்காதோ என்ற பயமும் வேண்டாம். கடையில் உள்ள விற்பனைக் கருவி, பட்டியலில் இருக்கும் உறுப்பினர் ஒருவரின் கைரேகையைக் கொண்டே பதிவை எடுத்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கண்டெடுத்தவர் நம் அட்டையைக் காட்டிப் பொருள் வாங்கிவிட்டால்? கைரேகை கேட்கும் கடையில் அட்டையை மட்டும் நீட்டி வாங்குவது எளிதல்ல. வாங்கியதாகப் பதிவானால் பதிவு செய்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். நாம் வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு செய்த கைபேசி எண் பயன்பாட்டில் இல்லை என்றால் ஓடிபி வராது. இணைய விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும். அட்டை தொலைந்ததைவிட எண் தொலைந்ததுதான் பெரிய சிக்கல். அப்படியானால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஆதாரைக் காட்டி எண்ணை மாற்றிக்கொண்ட பிறகே நகலுக்குப் போக வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் வேறொருவர் தட்டச்சு செய்து தந்துவிடலாம். ஆனால் ஓடிபி வரும் எண் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். இ-சேவை வழியே வட்டாட்சியர் மின்கையொப்பமிட்டுத் தந்ததாக இருந்தால் அதற்கு 'நகல்' என்று ஒன்று தேவைப்படாது. விண்ணப்பித்த கணக்கிலோ, விண்ணப்பித்த மையத்திலோ அதே கோப்பை மறுபடி எடுத்து அச்சிட்டால், அந்த அச்சும் முதலில் எடுத்த அச்சும் ஒன்றுதான். பெறும் அலுவலகம் தாளின் பழமையைப் பார்ப்பதில்லை; அதிலுள்ள சான்றிதழ் எண்ணை இணையத்தில் சரிபார்க்கிறது. கணினிக்கு முன் கையால் எழுதித் தந்த பழைய அட்டை என்றால் கதை வேறு. அதற்குப் புதிதாக விண்ணப்பிப்பதே நேர்வழி. பெற்றோரின் அல்லது உடன்பிறந்தவரின் சாதிச் சான்று இருந்தால் விசாரணை எளிதாகும்.

மூன்றாவதான மதிப்பெண் சான்றிதழுக்குத்தான் காவல் துறையின் அறிக்கை தேவைப்படுகிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் தேர்வருக்கு ஒரு முறை மட்டும் தரும் தாள் அது. 'இரண்டாம்படி' கேட்பவரிடம் முதற்படி என்ன ஆனது என்று கேட்க இயக்ககத்துக்குக் காரணம் உண்டு. இதற்காகத் தமிழ்நாடு காவல் துறை eservices.tnpolice.gov.in தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை என்ற வசதியை வைத்திருக்கிறது. திரையில் அதன் பெயர் Lost Document Report. பேச்சு வழக்கில் எல்டிஆர். பெயர், முகவரி, கைபேசி எண், ஆவணத்தின் வகையும் எண்ணும், தொலைந்த இடம், நாள் ஆகியவற்றைக் கொடுத்தால் தனி எண்ணோடு அறிக்கை உருவாகும். அந்த எண்ணை வைத்து நகல் தரும் அலுவலகம் அதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிரப்பும்போது கவனம் வேண்டும். அறிக்கை நாம் தட்டியதை அப்படியே ஏற்கும். பிழை திருத்த எதிரே எழுத்தர் இல்லை. மதிப்பெண் சான்றில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருந்தால் இங்கும் அப்படியே இருக்க வேண்டும். பதிவெண், தேர்வு எழுதிய மாதம், ஆண்டு மூன்றும் அறிக்கையிலும் விண்ணப்பத்திலும் ஒத்துப்போக வேண்டும். இவற்றுக்குப் பழைய ஜெராக்ஸ் கைகொடுக்கும். அதுவும் இல்லையென்றால் படித்த பள்ளியில் கேட்கலாம். தலைமை ஆசிரியரிடம் எப்படியும் போக வேண்டியிருக்கும், பள்ளி வழியாகப் படித்தவரின் இரண்டாம்படி விண்ணப்பம் அவர் மூலம்தான் நகரும். பை திருடப்பட்டது என்று தெரிந்தால் எல்டிஆர் போதாது. திருட்டு குற்றம்; அதற்கு நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெற வேண்டும்.

விசாரணையே இல்லாமல், கேட்டவருக்கெல்லாம் தானாக அச்சாகும் அறிக்கைக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அறிக்கை ஆவணம் தொலைந்ததை நிரூபிப்பதில்லை. தொலைந்தது என்று இன்னார் இந்த நாளில் பொறுப்பேற்றுச் சொன்னார் என்பதைப் பதிகிறது. பொய்யாகச் சொல்லியிருந்தால் பொது ஊழியருக்குப் பொய்த் தகவல் தந்த குற்றம் சேரும். மதிப்பெண் சான்று விஷயத்தில் இவ்வளவு போதும். மதிப்பெண் இயக்ககத்தின் பதிவேட்டில் இருக்கிறது. முதற்படியைக் கண்டெடுத்தவரால் அதை மாற்ற முடியாது. நிலப் பத்திரம் அப்படியல்ல. மூலப் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்துவிட்டுத் தொலைந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அங்கே காவல் துறை விசாரித்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று தரும் சான்றும், நாளிதழ் விளம்பரமும் கேட்கிறார்கள். எல்டிஆரைக் காட்டிப் பத்திர வேலையை முடிக்கப் பார்ப்பது வீண்.

அப்படியானால் எல்லாவற்றுக்குமே ஓர் அறிக்கை வாங்கி வைத்தால் என்ன குறை? கெடுதல் இல்லை, யாராவது அட்டையை அடையாளச் சான்றாகக் காட்டி ஏமாற்றினால், அதற்கு முன்பே தொலைந்ததாகச் சொன்ன தேதி நமக்குத் துணை நிற்கும். ஆனால் அது வந்த பிறகே நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று ரேஷன் கார்டையும் சாதிச் சான்றையும் காத்திருக்க வைப்பது தேவையற்றது. ஆரப்பாளையம் பயணி அன்று மாலையே சாதிச் சான்றை அச்சிட்டு, ரேஷன் கார்டு நகலுக்குப் பணம் கட்டி, பிளஸ் டூ சான்றுக்கு மட்டும் எல்டிஆர் எடுத்துவிடலாம். மறுநாள் அவர் நேரில் போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், மகள் படித்த பள்ளி.