உப்பைக் கழுவாமல் பெயின்ட் அடிக்காதீர்கள்

பெங்களூர் ஜெயநகரில் ஒரு வீடு, சென்னை பெசன்ட் நகரில் கடலைப் பார்த்தபடி ஒரு வீடு. இரண்டுக்கும் ஒரே பட்டறையில் செய்த இரும்பு கேட், ஒரே ரெட் ஆக்சைடு, ஒரே எனாமல் பெயின்ட். ஆனாலும் சென்னை கேட் வெகு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். பெங்களூர் கேட் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும்.

காரணம் வெறும் ஈரமல்ல. கடலிலிருந்து வெகுதூரத்தில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரிலும் மழை உண்டு. ஆனால் மழை ஓய்ந்ததும் கேட் காய்ந்துவிடும், துருவும் நின்றுவிடும். கடற்கரையில் அலைத் திவலையோடு பறந்துவரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. ஆகவே காய்ந்ததாகத் தோன்றும் கேட்டும் உண்மையில் நனைந்தே இருக்கிறது. துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வினை வேகமெடுக்கிறது.

மழை படும் முன்பக்கத்தைவிட மழை படாத மறைவிடங்களே அதிகம் கெடும் என்பது வேடிக்கை. மழை உப்பைக் கழுவிவிடுகிறது. தாழ்ப்பாளுக்குப் பின்னாலும் தகட்டின் உள்பக்கத்திலும் அது தங்கிவிடுகிறது.

பலரும் தவறுவது பராமரிப்பில்தான். துருவைச் சுரண்டி உடனே பெயின்ட் அடிக்கிறார்கள். துருவின் குழிகளில் உப்பு அப்படியே இருக்கும். அது பெயின்ட்டுக்கு அடியில் நீரை இழுத்துக் கொப்புளம் கட்டும்.

சரியான முறை இது: உரியும் பெயின்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் நீக்குங்கள். பிறகு நல்ல தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் கூடாது. காயவைத்து ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் குழிகளில் கரும்பழுப்புப் புள்ளிகள் ஈரமாகத் தெரிந்தால் உப்பு இன்னும் இருக்கிறது; மறுபடி தேய்த்துக் கழுவவேண்டும். மேற்பரப்பு சுத்தமானதும், காய்ந்த அன்றே எபாக்சி பிரைமர் அடிக்கவேண்டும். ஓரங்களிலும் வெல்டிங்கிலும் பெயின்ட் மெலிதாகவே நிற்கும். அங்கே முதலில் பிரஷ்ஷால் ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். வெயிலில் எபாக்சி வெளுத்து மாவாகும் என்பதால் மேலே பாலியூரித்தேன் பெயின்ட் இரண்டு பூச்சு தேவை.

தகடு விரலால் அழுத்தினாலே உள்ளே போனால் பெயின்ட் பயன்படாது. அந்தப் பகுதியை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்யவேண்டியதுதான்.

புது கேட் செய்பவர்கள், வெல்டிங் முடிந்தபின் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங்கைக் கேட்டு வாங்கலாம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் அரிந்து இரும்பைக் காக்கும்.

அதன்பின் செலவில்லாத வேலை ஒன்றே: மாதம் ஒருமுறை, மழை படாத மறைவிடங்களையும் சேர்த்து, நல்ல தண்ணீரால் கேட்டைக் கழுவிவிடுவது.