ஒரு பாக்கெட் மாவு, மூன்று நாள் பக்குவம்

காக்ஸ் டவுன் மார்க்கெட்டிற்குச் சென்று திரும்பும் நம்மவர் பைகளில், கீரை காய்கறிகளோடு இட்லி மாவுப் பாக்கெட்டும் இன்று இடம் பெறுகிறது. இதனைச் சோம்பல் என்று இகழ்வது முறையன்று. ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்துள்ள இவ்வூரில், மார்கழி இரவுகளில் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. மதுரையில் ஒரே இரவில் பொங்கி நிற்கும் மாவு, இங்கே விடிந்தும் அசையாது கிடக்கும். முன்பெல்லாம் ரப்பர் வளையம் மாட்டிய பைகளில் சில கடைக்காரர்கள் மாவு விற்று வந்தனர். 2005-ஆம் ஆண்டில் முஸ்தபா என்பவரும் அவருடைய உறவினர்களும் பெங்களூரில் ஐடி ஃப்ரெஷ் நிறுவனத்தைத் தொடங்கினர். இன்று பல பெயர்களில் மாவு கிடைக்கிறது.

வாங்குவோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பாக்கெட்டில் இருப்பது உயிருள்ள மாவு. அதிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றை உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்கின்றன. கூடவே புளிப்பையும் வளர்க்கின்றன. குளிர் அவற்றின் வேகத்தைக் குறைக்குமேயன்றி அடியோடு நிறுத்துவதில்லை. ஆகவே ஒரே மாவு நாளுக்கு நாள் மாறும். அந்த மாற்றத்தை அனுசரித்துப் பலகாரத்தைத் தேர்ந்துகொண்டால் மாவு வீணாகாது. நால்வர் உள்ள குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை ஒரு கிலோ பாக்கெட் ஒன்றை வாங்குவதாகக் கொள்வோம்.

கடையிலேயே தேதியைப் பார்க்க வேண்டும். பாக்கெட் சற்று உப்பியிருத்தல் இயல்பே. பந்துபோல் விம்மி ஓரத்தில் கசிந்திருந்தால், அது குளிர்ப்பெட்டிக்கு வெளியே நெடுநேரம் கிடந்திருக்கும், மிகவும் புளித்துமிருக்கும். அதனை வாங்கலாகாது.

சனிக்கிழமை காலை இட்லிக்கு உரியது. பாக்கெட்டைப் பிரித்ததும் முகர்ந்து பார்த்தால் இளந்தயிரின் மணம் வர வேண்டும். ஒரு துளியை நாவில் வைத்தால் புளிப்பு மெல்லத் தெரிய வேண்டும். பாதி மாவை மட்டும் பாத்திரத்தில் எடுத்து, அரைமணி நேரம் வெளியே வைத்துக் குளிரை நீக்குக. குளிர்ந்த மாவை அப்படியே வார்த்தால் இட்லியின் நடுப்பாகம் வேகாது நின்றுவிடும். நீர் சேர்க்க வேண்டியதில்லை. கரண்டியிலிருந்து மாவு தொப்பென்று விழுவதே சரியான பதம். அடித்துக் கலக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி இட்லி தட்டையாகும். மாவு பொங்காமலே இருந்தால், பாத்திரத்தில் பாதி இடம் காலியாக விட்டு மூடி, அடுப்பருகே இரண்டு மூன்று மணி நேரம் வைத்தல் நலம்.

உப்பிலே பலர் இடறுகின்றனர். சில மாவில் உப்பு முன்னரே சேர்ந்திருக்கும், சிலவற்றில் இராது. உறையைப் படித்து, நாவிலும் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். உப்பில்லாத ஒரு கிலோ மாவுக்குத் தலைதட்டிய இரண்டு தேக்கரண்டி போதும். அன்று எடுக்கும் பாதி மாவுக்கு ஒன்றே கணக்கு. ஐயமிருந்தால் முதலில் ஒரே ஓர் இட்லியை வேகவைத்துச் சுவைத்துப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை புளிப்பு ஒரு படி ஏறியிருக்கும். அது தோசைக்கு ஏற்றது. ஒரு கப் மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். கரண்டியின் முதுகில் மாவு படிந்து, அதில் விரலால் இழுத்த கோடு மறையாது நிற்குமாயின் பதம் சரி. கல்லில் மாவு கரண்டியோடு சுருண்டு வந்தால் நீர் போதாது. கண் விழாமல் ஒட்டிக் கிழிந்தால் நீர் மிகுந்துவிட்டது. ஊற்றிய நீருக்காக உப்பைக் கூட்ட வேண்டாம். அந்த நீரில் பெரும்பகுதி கல்லிலேயே ஆவியாகிவிடும், உப்போ தோசையிலேயே தங்கும்.

திங்கட்கிழமை எஞ்சிய மாவு நன்கு புளித்திருக்கும். நீரால் மட்டும் புளிப்பைத் தணிக்க முயன்றால் மாவுதான் நீர்த்துப்போகும். ஒரு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவும் வேண்டிய நீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி ஊத்தப்பம் வார்க்கலாம். சமையல் சோடாவும் புளிப்பை முறிக்கும். ஆயினும் சிட்டிகைக்கு மேற்பட்டால் சோப்பின் வாடை வீசி, இட்லி மஞ்சள் நிறம் கொள்ளும்.

புளிப்பு வேறு, கெடுதல் வேறு. மாவின்மேல் இளஞ்சிவப்பு, பச்சை அல்லது கருநிறப் புள்ளிகள் தோன்றினாலும், அழுகல் வாடை வீசினாலும், மேலே வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாகாது. அந்த மாவு முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.