ரீசெட் அழுத்தினால் சரியாகிவிடுமா? சேமிப்பிடத்தில் மேல்-கீழ் கவுண்டர்

தொழிற்பயிற்சி முடித்துவிட்டு வந்த ஒரு மாணவர் சொன்ன சம்பவம் இது. அவர் வேலை பார்த்த இடத்தில் பெட்டிகள் ஒரு கன்வேயர் வழியாக வந்து, சரிவான ரோலர் பாதை ஒன்றில் வரிசையாக நிற்கும். பாதையில் 20 பெட்டிகள் நிற்க இடம். அன்று திரையில் 20 என்று காட்டியது, கன்வேயர் நின்றுவிட்டது. ஆனால் பாதையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் பெட்டிகள் இருந்தன. "கவுண்டர் கோளாறு" என்று முடிவு செய்து ரீசெட் அழுத்தினார்கள். கன்வேயர் ஓடியது. சிறிது நேரத்தில் பாதையின் வாயில் இரண்டு பெட்டிகள் நசுங்கிக் கிடந்தன.

"ரீசெட் பண்ணா கணக்கு சரியாயிடும்னு நெனச்சோம் சார்" என்றார். தேர்வுத் தாளிலும் இதே எண்ணம்தான் தெரிகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, எண் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

முதலில் கவுண்டர். சீமென்ஸ் S7-1200-இல் இதன் பெயர் CTUD. CU உள்ளீடு 0-இலிருந்து 1-ஆக மாறும்போது CV என்ற நடப்பு எண் ஒன்று கூடும். CD அப்படி மாறும்போது ஒன்று குறையும். CV-இன் மதிப்பு PV-ஐ எட்டினாலோ தாண்டினாலோ QU வெளியீடு 1 ஆகும். CV பூஜ்யமோ அதற்குக் கீழோ இருந்தால் QD வெளியீடு 1 ஆகும். R கொடுத்தால் CV பூஜ்யம். LD கொடுத்தால் PV-இல் உள்ள எண் CV-க்குள் போகும். மாணவர்கள் பலர் ரீசெட் பொத்தானைத் தவறாக இதில் இணைத்து, அழுத்தியதும் 20 வந்து நிற்பதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த விளக்கத்தில் "பெட்டி" என்ற சொல்லே வரவில்லை. கவுண்டர் பெட்டியை எண்ணுவதில்லை, சிக்னல் மாறுவதை எண்ணுகிறது. ஒரு பெட்டிக்கு ஒரு மாற்றம் என்று உறுதி செய்வது நம் வேலை.

மேலே சொன்ன சம்பவத்தில் அதுதான் நடக்கவில்லை. நுழைவாயிலில் எதிரெதிராக வைத்த ஒளிக்கற்றை சென்சர். அன்று இரண்டு வகைப் பெட்டிகள் கலந்து வந்தன. ஒரு வகையில் தூக்குவதற்காக இரு பக்கமும் கைத்துளை இருந்தது. பெட்டி கடக்கும்போது முதலில் கற்றை மறையும், துளை வந்ததும் ஒளி அந்தப் பக்கம் போய்விடும், பிறகு மீண்டும் மறையும். ஒரே பெட்டி, இரண்டு எண்ணிக்கை. உள்ளே போனவை 14 பெட்டிகள், அவற்றில் 6 துளையுள்ளவை. 14-உம் 6-உம் சேர்ந்து 20. கவுண்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது!

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கணினியில் லேடரை ஆன்லைனில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு பெட்டியை அனுப்புங்கள். S1 ஒருமுறை பச்சையாகி அணைகிறதா, இருமுறையா என்று பாருங்கள். பயிற்சிப் பலகையில் பொத்தானை அழுத்திச் சோதித்தால் இது ஒருநாளும் தெரியாது.

"டைமர் போட்டு சரிசெய்யலாமே?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கன்வேயர் வேகம் வினாடிக்கு 20 செ.மீ., பெட்டியின் நீளம் 40 செ.மீ., இரண்டு பெட்டிகளுக்கு இடையே 20 செ.மீ. அப்படியானால் கற்றை 2 வினாடி மறைந்திருக்கும், 1 வினாடி திறந்திருக்கும். S1-க்குப் பின்னால் 0.3 வினாடி TOF டைமர் வைத்தால், 0.3 வினாடிக்குக் குறைவான திறப்புகள் எல்லாம் மறைந்துபோகும். மூடியின் சிறு இடுக்கு, அதிர்வால் வரும் துடிப்பு போன்றவற்றுக்கு இது போதும். ஆனால் கைத்துளை 8 செ.மீ. என்றால் அது கடக்க 0.4 வினாடி ஆகும். டைமர் அதற்குள் முடிந்துவிடும். 0.6 வினாடியாகக் கூட்டலாம்தான். ஆனால் நாளை பெட்டிகள் 10 செ.மீ. இடைவெளியில் நெருங்கி வந்தால், இரண்டு பெட்டிகள் ஒன்றாக எண்ணப்படும். ஆகவே சென்சரைத் துளைக்குக் கீழே இறக்கிப் பொருத்துவதே சரியான தீர்வு. ஒரு ஸ்பேனரில் முடியும் வேலையை லேடரில் செய்யப் பார்க்கக் கூடாது.

இனி லேடர். S1 நுழைவு சென்சர், S2 வெளியேறும் சென்சர். பெட்டி எதிரே இருந்தால் 1 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் 0.3 வினாடி TOF போட்டபின் கிடைக்கும் பிட்டுகளுக்கு S1F, S2F என்று பெயர்.

```
  S1F
---|N|---------------( ) IN_P
  S2F
---|N|---------------( ) OUT_P

 OUT_P   EMPTY
---| |----| |--------(S) ALARM
 OUT_P   EMPTY
---| |----|/|--------( ) OUT_OK

             +--------+
   IN_P ----|CU    QU|---- FULL
  OUT_OK ----|CD    QD|---- EMPTY
     KEY ----|R     CV|---- STOCK
      20 ----|PV      |
             +--------+

  RUN    FULL
---| |----|/|--------( ) M1
```

பெட்டியின் முன்பக்கம் கற்றையைத் தொடும்போது எண்ணாமல், பின்பக்கம் விலகும்போது எண்ணுகிறோம். அதற்குத்தான் |N|. முன்பக்கத்தில் எண்ணினால், 20-ஆவது பெட்டி வாயிலில் தலையை நீட்டியதுமே FULL வந்து M1 நின்றுவிடும். உண்மையில் உள்ளே 19, ஒன்று வாசலில். அதுவும் கற்றையின் விளிம்பிலேயே நின்று, பக்கத்து இயந்திரம் அதிரும்போதெல்லாம் துடிக்கும். பின்பக்கத்தில் எண்ணினால் 20-ஆவது பெட்டி முழுதாக உள்ளே போனபின்தான் கன்வேயர் நிற்கும். TOF-இன் 0.3 வினாடியில் கன்வேயர் இன்னும் 6 செ.மீ. நகரும், அடுத்த பெட்டி 20 செ.மீ. தள்ளி இருப்பதால் அது கற்றைக்கு வந்து சேராது. ஒவ்வொரு |N|-க்கும் தனித்தனி நினைவு பிட் வேண்டும். இரண்டுக்கும் ஒரே பிட்டைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் தேடுகிற காட்சி எங்கள் பட்டறையில் ஆண்டுதோறும் உண்டு.

சிலர் |N|-க்குப் பதிலாக மூடிய காண்டெக்ட்டை, அதாவது |/| S2F-ஐ, நேரே CD-க்குக் கொடுக்கிறார்கள். பெட்டி விலகும்போது 0-இலிருந்து 1 ஆகிறதே, அது போதாதா? தனியாக இருந்தால் போதும். ஆனால் அதோடு |/| EMPTY-ஐத் தொடராகச் சேர்த்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பாதை காலி, EMPTY 1, ஆகவே CD-க்கு 0. முதல் பெட்டி உள்ளே போகிறது, CV 1 ஆகிறது, EMPTY 0 ஆகிறது. S2F எதிரே பெட்டி எதுவும் இல்லை, அதனால் அடுத்த ஸ்கேனில் CD 0-இலிருந்து 1-க்கு ஏறுகிறது. கவுண்டர் ஒன்றைக் குறைத்துவிடும், CV மீண்டும் 0. பெட்டி உள்ளே இருக்கிறது, எண் காலி என்கிறது. யாரும் பெட்டியை எடுக்கவில்லை, ஒரு காண்டெக்ட்தான் எடுத்துவிட்டது. |N| ஒரு ஸ்கேன் மட்டுமே 1-ஆக இருப்பதால் இந்தச் சிக்கல் வராது.

EMPTY-ஐ ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். S7-1200-இல் INT வகைக் கவுண்டர் பூஜ்யத்தில் நிற்காது, -1, -2 என்று இறங்கும். CV -2 ஆகிவிட்டால், 20 என்று காட்டும்போது உள்ளே 22 பெட்டிகள் இருக்க வேண்டும், இடமோ 20-க்குத்தான். எண் கூடுதலாகக் காட்டினால் கன்வேயர் வீணாக நிற்கும், அவ்வளவுதான். குறைவாகக் காட்டினால் பெட்டி நசுங்கும். இரண்டு தவறுகளும் ஒன்றல்ல. பழைய S7-300-இன் S_CUD 0 முதல் 999 வரை மட்டுமே எண்ணும், அதனால் பழைய நூலைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இந்த எதிர்மறை எண் புதிது.

ஆனால் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டால் மட்டும் போதாது. காலி என்று கணக்கு சொல்லும்போது ஒரு பெட்டி வெளியே போகிறது என்றால் கணக்கு பொய் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அதனால்தான் ALARM படி. அந்தப் படி கவுண்டருக்கு மேலே இருப்பதும் காரணத்தோடுதான். கீழே எழுதினால், கடைசிப் பெட்டி முறையாக வெளியேறும் அதே ஸ்கேனில் CV 1-இலிருந்து 0 ஆகி, EMPTY-உம் 1 ஆகி, OUT_P-உம் இன்னும் 1-ஆக இருக்கும். தவறே நடக்காமல் விளக்கு எரியும். லேடர் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது என்பதை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. எண் 5 என்று இருக்கும்போது பாதையின் முனையில் பெட்டியே இல்லை என்றால் என்ன பொருள்? சரிவுப் பாதையில் பெட்டிகள் தாமாகவே முனைக்கு உருண்டு வரவேண்டும். முனையில் S3 என்று ஒரு சென்சர் வைத்து, உள்ளே எதுவும் நுழையாமலும் S3 எதையும் பார்க்காமலும் 30 வினாடி போனால் கவுண்டரைத் தானாக ரீசெட் செய்துவிடலாம் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். யோசனை அழகுதான். ஆனால் ஐந்து பெட்டிகளும் நடுவில் ஒரு ரோலரில் சிக்கி நின்றாலும் S3 இதையேதான் பார்க்கும். அப்போது ரீசெட் செய்தால் பழைய கதை. நான் அந்த நிபந்தனையை R-க்குக் கொடுக்காமல் ஒரு விளக்குக்குக் கொடுக்கச் சொன்னேன். விளக்கு எரிந்தால் ஓர் ஆள் போய்ப் பார்ப்பார்.

மின்தடைக்கு, கவுண்டரின் டேட்டா பிளாக்கில் Retain குறியிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பியதும் CV பூஜ்யத்தில் தொடங்கும், பாதையிலோ பெட்டிகள் அப்படியே நிற்கும். குறியிட்டாலும், மின்சாரம் இல்லாத நேரத்தில் யாராவது கையால் இரண்டு பெட்டிகளை எடுத்திருந்தால் கவுண்டருக்குத் தெரியாது.

ஆலன்-பிராட்லி லேடர் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே SLC 500 போன்றவற்றில் CTU, CTD இரண்டையும் தனித்தனிப் படிகளில் எழுதி, இரண்டுக்கும் C5:0 போன்ற ஒரே முகவரியைக் கொடுக்க வேண்டும். வேறு வேறு முகவரி கொடுத்தால் ஒன்று ஏறிக்கொண்டே போகும், மற்றது இறங்கிக்கொண்டே போகும். QD போன்ற காலி பிட் அதில் கிடையாது, எண் பூஜ்யமா என்று ஒப்பிட்டு நாமே உருவாக்க வேண்டும்.

அந்த நசுங்கிய பெட்டிகளுக்குத் திரும்புவோம். ரீசெட் அழுத்தியபோது உள்ளே 14. எண் 0 ஆனது. கன்வேயர் ஓடி 6 பெட்டிகள் போனதும் பாதை நிறைந்தது, எண்ணோ 20-க்கு வெகு தூரத்தில் இருந்தது. ஏழாவதும் எட்டாவதும் வாயிலில் மாட்டின. அங்கே R தேவைப்படவே இல்லை. ஓர் ஆள் பாதையோரம் நடந்து எண்ணி, 14 என்று திரையில் தட்டச்சு செய்ய, ஒரு MOVE கட்டளை அதைக் கவுண்டரின் CV-க்குள் எழுதியிருக்க வேண்டும். R-க்குச் சாவி ஸ்விட்ச் வைத்து, பாதை காலி என்று கண்ணால் பார்த்தவர் மட்டும் அதைத் திருப்பலாம். படத்தில் பொத்தானுக்குப் பதிலாக KEY என்று நான் எழுதியது அதனால்தான்.