நாலரை சதவீதம் எங்கிருந்து வந்தது?

யூரோ பிறக்க ஒரு மாதம் இருந்தபோது, 1998 டிசம்பரில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி ஓர் எண்ணை அறிவித்தது. யூரோ நாடுகளில் புழங்கும் பணம் ஆண்டுக்கு 4.5 சதவீதம் வளர்ந்தால் விலைவாசி கட்டுக்குள் இருக்கும் என்பதே அறிவிப்பின் சாரம். கையிலுள்ள ரொக்கம், வங்கிக் கணக்குகளில் கிடக்கும் தொகை, இரண்டு ஆண்டு வரையிலான வைப்புகள், இன்னும் சிலவற்றைச் சேர்த்து ‘எம்3’ என்பார்கள். அந்த மொத்தம்தான் இங்கே பணம். அது ஏன் நாலரை? நாலாகவோ ஐந்தாகவோ இருக்கக் கூடாதா?

கணக்கின் வேர் ஒரு பழைய சமன்பாடு:

M × V = P × Y

M என்பது பணம். V அதன் சுழற்சி வேகம், அதாவது ஒரு ரூபாய் ஓராண்டில் எத்தனை முறை கைமாறி வருமானமாகிறது என்பது. P விலைமட்டம், Y நாட்டில் உண்மையில் உற்பத்தியாகும் பொருள்களும் சேவைகளும். செலவழித்த பணமும் விற்ற சரக்கின் மதிப்பும் ஒன்றுதான் என்பதற்கு மேல் இதில் எதுவும் இல்லை. நான்கும் எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்தால், பெருக்கல் கூட்டலாகிவிடும்:

பண வளர்ச்சி + வேகத்தின் மாற்றம் = பணவீக்கம் + உண்மை வளர்ச்சி

இனி வேண்டிய பணவீக்கத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம். பணவீக்கம் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வங்கியின் விருப்பம்; 1.5 என்று வைப்போம். உண்மை வளர்ச்சி சராசரியாக 2 முதல் 2.5 வரை என்று வங்கி கருதியது, நடுவே 2.25. இரண்டையும் கூட்டினால் 3.75. பாடப்புத்தகம் பெரும்பாலும் வேகம் மாறாது என்று சொல்லி இங்கேயே நின்றுவிடும்.

ஐரோப்பாவில் வேகம் மாறிக்கொண்டிருந்தது. வசதி கூடக்கூட மக்கள் வருமானத்தைவிட வேகமாக வங்கியிருப்பைச் சேர்த்தார்கள். அதனால் ஒவ்வொரு யூரோவும் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகச் சுற்றியது; ஆண்டுக்கு 0.5 முதல் 1 சதவீதம் வரை குறையும் என்பது மதிப்பீடு. நடுவே எடுத்தால் மைனஸ் 0.75. மந்தமாகும் பணத்தைக் கூடுதல் பணத்தால் ஈடுகட்ட வேண்டும். எனவே 3.75-லிருந்து மைனஸ் 0.75-ஐக் கழிக்க, விடை 4.5.

மாணவர்கள் தடுக்கி விழுவது இந்தக் குறியில்தான். வேகம் குறைகிறதே என்று 0.75-ஐக் கழித்து 3 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். சரிபார்ப்பது சுலபம். பணம் 3 வளர்ந்து, வேகம் 0.75 குறைந்தால், செலவு 2.25 சதவீதம்தான் கூடும். உற்பத்தியே 2.25 வளர்ந்துவிடுவதால் பணவீக்கம் பூஜ்யம். நாம் கேட்டதோ ஒன்றரை.

கூட்டல் ஒரு தோராயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கண்ட கணக்கைப் பெருக்கியே போட்டால் 4.57 வரும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் பணவீக்கம் 50, வளர்ச்சி 5 என்றிருக்கும் நாட்டில் வேகம் மாறாவிட்டாலும் விடை 55 அல்ல, 57.5. எண்கள் பெரிதானால் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

உண்மை வளர்ச்சி என்று எதைப் போடுவது என்பதிலும் கவனம் தேவை. ஐரோப்பிய வங்கி எடுத்துக்கொண்டது பல ஆண்டுப் போக்கை. மந்தமான ஓராண்டில் வளர்ச்சி 1 சதவீதமாகச் சரிந்தது என்று அதையே போட்டால், பண வளர்ச்சியை 3.25-க்கு இறக்கச் சொல்லும் கணக்கு. படுத்திருக்கும் பொருளாதாரத்தை இன்னும் அழுத்துவதாகிவிடும் அது.

இத்தனை கவனத்தோடு போட்ட கணக்கும் மூன்றே ஆண்டில் ஆட்டம் கண்டது. பங்குச் சந்தைகள் சரிந்தன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. முதலீட்டாளர்கள் பங்குகளிலிருந்து வெளியேறி, பணத்தை எம்3-இல் சேரும் பத்திரமான இடங்களில் போட்டு வைத்தார்கள். 2002-இல் எம்3 சுமார் 7 சதவீதம் வளர்ந்தது. வளர்ச்சி 1 சதவீதத்தை ஒட்டி இருந்தது. வேகம் வழக்கம்போல 0.75 குறைந்திருந்தால் பணவீக்கம் ஐந்தைத் தாண்டியிருக்க வேண்டும். வந்ததோ இரண்டேகால் சதவீதம் போல. அப்படியானால் வேகம் எவ்வளவு மாறியது? 2.25-ஐயும் 1-ஐயும் கூட்டி 7-ஐக் கழித்தால் மைனஸ் 3.75. எதிர்பார்த்ததைப் போல ஐந்து மடங்கு இறக்கம்.

சமன்பாடு பொய்யாகவில்லை, அது பொய்யாகவும் முடியாது. மற்ற மூன்றையும் அளந்த பிறகு மிச்சமாகக் கிடைப்பதுதான் வேகம், ஆகவே இரு பக்கமும் எப்போதும் பொருந்தும். முன்கூட்டியே இலக்கு போடுகிறவர் வேகத்தை ஊகித்தாக வேண்டும். கணக்கின் பலமெல்லாம் அந்த ஊகத்தின் பலம்தான். மக்கள் பணத்தைச் செலவுக்காக வைத்திருக்கிறார்களா, பயந்து ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று எம்3 காட்டாது. ஜெர்மனியின் மத்திய வங்கி 1974 முதல் பண வளர்ச்சி இலக்கை அறிவித்து வந்த அனுபவம் ஐரோப்பிய வங்கிக்குப் பின்புலமாக இருந்தும் இதைத் தவிர்க்க முடியவில்லை.

2003 மே மாதம் ஐரோப்பிய மத்திய வங்கி, நாலரையை ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யும் வழக்கத்தை நிறுத்தியது. அது முதல், விலைவாசியைப் பற்றி மற்ற தரவுகள் சொல்வதை நீண்டகால நோக்கில் சரிபார்த்துக்கொள்ளவே பண வளர்ச்சியைப் பயன்படுத்தியது.