படபடப்பு எப்படித் தொடங்கியது?

"நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர்" என்று வருபவரிடம் இதயநோய் மருத்துவர் முதலில் கேட்பது, "எப்படி ஆரம்பிச்சுது? எப்படி நின்னுது?" என்றுதான். பாதி விடை அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுதான் துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பரீட்சை, கடன்காரர், அதிகாரியின் அழைப்பு என்று மனம் பதறும்போது அட்ரினலின் சுரந்து இந்தக் கணுவை விரட்டுகிறது. 75 ஆக இருந்த துடிப்பு 90, 110, 130 என்று ஏறும். மனம் அடங்க அடங்க, ஏறிய மாதிரியே மெல்ல இறங்கும். இதற்கு சைனஸ் டாக்கிகார்டியா என்று பெயர். உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்குப் பதற்றத்தால் மட்டும் இது நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டுவது அபூர்வம். காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகைச்சுரப்பு, உடலில் நீர் வற்றுவது ஆகியவற்றாலும் இதே துடிப்பு வரும். அதனால் நாள்கணக்கில் நீடிக்கும் படபடப்புக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமல் 'டென்ஷன்' என்று முத்திரை குத்துவது சரியல்ல.

இன்னொரு வகையைப் பார்ப்போம். துணிக்கடையில் பில் போடும் 36 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்து நிமிர்கிறார். சுவிட்ச் போட்டதுபோல நெஞ்சு அடிக்கத் தொடங்குகிறது. கழுத்திலும் அடிப்பது தெரிகிறது. அதுவரை அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. வியர்வையும் நடுக்கமும் பயமும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. 25 நிமிடம் கழித்து, ஆட்டோவில் போகும்போதே சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் சிறுநீர் அடக்க முடியாமல் வருகிறது. மருத்துவமனையில் எடுத்த ஈசிஜி இயல்பாக இருக்கிறது. "டென்ஷன்தாம்மா, நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அவருக்கு வந்தது எஸ்.வி.டி. எனப்படும் மேலறை சார்ந்த மிகைத்துடிப்பு. இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே ஏவி கணு இருக்கிறது. சிலருக்கு அங்கே மின்சாரம் போக வேகமான பாதை, மெதுவான பாதை என இரண்டு அமைந்துவிடும். முன்கூட்டியே வரும் ஒரு துடிப்பு ஒன்றின் வழியே இறங்கி, மற்றதன் வழியே திரும்பி ஏறிச் சுற்ற ஆரம்பித்தால், துடிப்பு நேராக 150 முதல் 220 வரை போய்விடும். இந்த வகை பெண்களிடம் அதிகம். பதற்றத்தின் துடிப்பு எழுந்து நடந்தால் கூடும், சாய்ந்து உட்கார்ந்தால் குறையும். இதுவோ எண் மாறாமல் ஒரே சீராக ஓடும். சுற்று அறுந்த நொடியில் நின்றுவிடும். நின்ற பிறகு எடுக்கும் ஈசிஜியில் தடயம் இல்லாமல் போவது இதனால்தான்.

மூன்றாம் முறை வந்தபோது அந்தப் பெண் பெரிய மருத்துவமனையைத் தேடிப் போகவில்லை. பக்கத்துத் தெரு கிளினிக்கில் உடனே ஈசிஜி எடுத்துக்கொண்டார். துடிப்பு 188. அங்கிருந்த மருத்துவர் 10 மி.லி. ஊசிக்குழாயைக் கொடுத்து, பிஸ்டன் நகரும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொன்னார். ஊதி முடித்ததும் மல்லாக்கச் சாய்த்து, கால்களை 15 விநாடி உயர்த்திப் பிடித்தார். துடிப்பு நின்றது. 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், வெறுமனே ஊதியவர்களில் 17 சதவீதத்தினருக்கே துடிப்பு இயல்பானது. இப்படிக் காலை உயர்த்தியவர்களில் 43 சதவீதத்தினருக்குப் பலித்தது. பலிக்காதவர்களுக்கு அடினோசின் ஊசி உண்டு. அடிக்கடி வந்தால் தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி மெதுவான பாதையைச் சுட்டுவிடலாம். இந்த அப்லேஷன் சிகிச்சை 100-இல் 95 பேருக்கு மேல் பலன் தருகிறது. ஊதும் முறையை மருத்துவரிடம் நேரில் கற்ற பிறகே வீட்டில் செய்யலாம். கழுத்தைப் பிசைந்துவிடும் வைத்தியம் வீட்டில் கூடவே கூடாது.

படபடப்பு வரும்போது மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தாறுமாறாக ஓடினால் அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். பக்கவாத ஆபத்து உள்ளது என்பதால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. துடிப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஏதாவது வந்தாலோ, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்குத் திடீரென்று இப்படி அடித்தாலோ, உடற்பயிற்சியின் நடுவே மயங்கி விழுந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். மற்றவர்கள் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அருகிலுள்ள இடத்தில் ஒரு ஈசிஜி எடுத்து, அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து இதயநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.