கூன் போட்டால் யாருக்கு வேலை?

ஜிம்மில் 45 டிகிரி சாய்ந்த பேக் எக்ஸ்டென்ஷன் பெஞ்சில் பத்து முறை எழுந்தால், பலருக்கும் கீழ்முதுகுதான் கடுக்கும். முதுகெலும்பின் இருபுறமும் கயிறுபோல் ஓடும் தசைகளின் உழைப்பு அது. மார்பை நிமிர்த்தி முதுகைத் தட்டையாக வைத்தால் அவற்றின் பங்கு கூடும்.

பிட்டத் தசைக்கு வேலை வேண்டுமா? மெத்தையின் மேல்விளிம்பு தொடை இடுக்குக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். அதற்கு மேலே இருந்தால் இடுப்பு மூட்டு மடங்காது, முதுகுதான் வளையும். தாடையை மார்போடு ஒட்டி, மேல்முதுகைக் கூன்போட்டு, அந்தக் கூன் மாறாமலே எழுந்திருங்கள். உடல் கால்களின் கோட்டுக்கு வந்ததும் போதும். இன்னும் நிமிர்ந்தால் வேலை முதுகுக்கே திரும்பிவிடும். முதுகுத் தசை இப்போதும் சும்மா இல்லை, உடம்பைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கவாட்டில் மொபைலை வைத்துப் படமெடுத்தால், பாதியில் கூன் நிமிர்கிறதா என்று தெரியும்.